குமட்டல் எங்கிருந்து வந்தது? ஒரே தாளில் ஒரு கேர் ஸ்டடி

நர்சிங் மாணவர்களின் கைப்பையில் கேர் ஸ்டடி நோட்டு ஒன்று எப்போதும் இருக்கும். வார்டில் ஒரு நோயாளியைத் தேர்ந்தெடுத்து, சில நாட்கள் தொடர்ந்து கவனித்து, அவரைப் பற்றி எழுத வேண்டிய பயிற்சி அது. நோயாளியின் வரலாறு, உடல் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை முடிவுகள், பாடநூலில் உள்ள நோய் விளக்கம், மருந்து அட்டவணை, கடைசியில் கேர் பிளான் என்று பக்கங்கள் நீளும். கேர் பிளானுக்கு என்றே கட்டம் போட்ட தாள் உண்டு. கண்டறிந்தவை, நர்சிங் டயக்னோசிஸ், இலக்கு, செய்ய வேண்டியவை, அதற்கான காரணம், மதிப்பீடு என்று இடமிருந்து வலமாக நிரப்பிக்கொண்டு போக வேண்டும்.

இப்படி எழுதும்போது ஒவ்வொரு தகவலும் சரியாகவே இருக்கும். ஆனால், சிறுநீர் பிரியக் கொடுக்கும் மருந்து ஒரு பக்கத்தில் இருக்கும். இதயத்துக்குக் கொடுக்கும் மருந்து அடுத்த பக்கத்தில் இருக்கும். ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்பது பல பக்கங்களுக்கு முன்னால் ஓர் அட்டவணையில் கிடக்கும். "நோயாளிக்குக் குமட்டல்" என்ற வரி கடைசிப் பக்கங்களில் ஊட்டச்சத்துப் பகுதியில் இருக்கும். இந்த நான்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பவை என்பது அந்த நோட்டைப் படிப்பவருக்குத் தெரியாமலே போகலாம். எழுதியவருக்கேகூட.

இந்த நான்கையும் ஒரே தாளில் வைத்து, இடையில் கோடு போட்டு, கோட்டின் மேல் காரணத்தை எழுத வைப்பதுதான் கான்செப்ட் மேப். தமிழில் கருத்து வரைபடம் என்கிறார்கள்.

இந்த முறை மருத்துவமனையில் பிறந்தது அல்ல. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் என்ற கல்வியாளரும் அவருடைய குழுவினரும் பள்ளிக் குழந்தைகள் அறிவியலை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்துவந்தார்கள். குழந்தைகளுடன் பேசிப் பதிவுசெய்த பேட்டிகள் மலைபோல் குவிந்தன. அதைப் படித்து ஒரு குழந்தையின் புரிதல் எங்கே மாறியது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடாக இருந்தது. குழந்தை சொன்ன கருத்துகளைப் பெட்டிகளில் எழுதி, அவற்றை இணைக்கும் கோட்டின் மேல் இணைப்புச் சொல்லையும் எழுதினால் ஒரே தாளில் புரிதல் முழுவதும் தெரிந்துவிடுகிறது என்று 1972இல் கண்டார்கள். புதிதாகக் கற்பது ஏற்கெனவே தெரிந்ததோடு பிணைந்தால்தான் நிலைக்கும் என்ற டேவிட் ஆசுபெலின் கற்றல் கோட்பாடு இதற்கு அடிப்படை. பிற்பாடு நர்சிங் ஆசிரியர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். ஒஹாயோ மாநிலத்தின் யங்ஸ்டவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பமீலா ஷூஸ்டர், கேர் பிளானை இந்த முறையில் எழுதக் கற்றுத்தரும் பாடநூலை 2002இல் வெளியிட்டார். நடுவில் நோயாளி மருத்துவமனைக்கு வந்த காரணம், சுற்றிலும் பிரச்சினைகள், அவற்றுக்குக் கீழே ஆதாரங்கள், பிறகு தொடர்புக் கோடுகள், அதன்பின் இலக்கும் செயலும், இறுதியில் விளைவு என்பது அவருடைய வரிசை.

வரிசையைச் சொல்லிவிடுவது சுலபம். ஒரு நோயாளியை வைத்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். மாதிரிக்காக அறுபத்திரண்டு வயதுப் பெண்மணி ஒருவரை எடுத்துக்கொள்வோம். சில ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்தவர். இப்போது இதயச் செயலிழப்பு என்று மெடிக்கல் வார்டில் சேர்க்கப்பட்டிருக்கிறார். படுத்தால் மூச்சு முட்டுகிறது. இரவில் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தே தூங்குகிறார். கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. நிமிடத்துக்கு 28 முறை மூச்சு வாங்குகிறார், நாடித்துடிப்பு 104. எடை 59 கிலோ. பொட்டாசியம் 4.0, அதாவது சரியான அளவு. கொடுக்கப்படும் மருந்துகளில் மூன்றை மட்டும் இங்கே பார்ப்போம்: நரம்பு வழியாக ஃப்யூரோசிமைடு 40 மி.கி. காலையும் மதியமும், எனலாப்ரில் 2.5 மி.கி. இரண்டு வேளை, டிகாக்ஸின் 0.25 மி.கி. ஒரு வேளை.

வரையத் தொடங்கும் மாணவிக்கு ஏ3 அளவுத் தாளும் பென்சிலும் அழிப்பானும் போதும். பேனா வேண்டாம், முதல் அரை மணி நேரத்தில் பெட்டிகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நடுப்பெட்டியில் "இதயச் செயலிழப்பு" என்று எழுதுகிறார். சுற்றிலும் பாடநூலில் உள்ள அறிகுறிகள் எல்லாவற்றையும் எழுதக் கை துறுதுறுக்கும். அங்கேதான் நிறுத்திக்கொள்ள வேண்டும். தாளில் ஏற வேண்டியவை இந்த அம்மாவிடம் கண்ணால் கண்டவை, அளந்தவை, அவர் வாயால் சொன்னவை மட்டுமே. "மூச்சுத்திணறல்" என்று வெறுமனே எழுதாமல் "மூன்று தலையணை, நிமிடத்துக்கு 28" என்று எழுதினால் பெட்டி அவருடையதாகிவிடும். மூன்று நாள் கழித்து அது குறைந்ததா என்று சொல்லவும் முடியும்.

அடுத்தது கோடுகள். நடுப்பெட்டியிலிருந்து ஒவ்வோர் அறிகுறிக்கும் ஒரு கோடு இழுத்துவிட்டால் படம் சிலந்திபோல் ஆகிவிடும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் எதையும் விளக்காது. நோய்க்கும் அறிகுறிக்கும் இடையில் உடலுக்குள் என்ன நடக்கிறது என்ற பெட்டிகளை வைக்க வேண்டும். இதயம் பலவீனமாக அழுத்துகிறது. அதனால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. உடலில் நீர் பற்றவில்லை என்று சிறுநீரகம் தவறாக எடுத்துக்கொண்டு ஹார்மோன்களைத் தூண்டுகிறது. அந்த ஹார்மோன்கள் உப்பையும் நீரையும் உடலில் பிடித்து வைக்கின்றன. மிகுந்த நீர் நுரையீரலில் தேங்கினால் மூச்சுத்திணறல், காலில் தேங்கினால் வீக்கம். இப்படி வரைந்தால் கால் வீக்கமும் மூச்சுத்திணறலும் ஒரே தாயின் பிள்ளைகள் என்று தெரியும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அம்பு போடும் வழக்கமான பிழை தானாகவே திருந்தும்.

ஒவ்வொரு கோட்டின் மேலும் ஒரு வினைச்சொல் வேண்டும் என்பது நோவாக் முறையின் உயிர்நாடி. "குறைக்கிறது", "தூண்டுகிறது", "வெளியேற்றுகிறது", "மறைக்கிறது". பெட்டி, கோடு, பெட்டி என்று வாய்விட்டுப் படித்தால் ஒரு முழு வாக்கியம் வர வேண்டும். வராவிட்டால் மாணவிக்கு அந்த இடம் புரியவில்லை என்று அர்த்தம். "எனலாப்ரில் — இதயம்" என்று ஒரு கோடு கிடந்தால் அதில் தகவல் ஏதும் இல்லை. "எனலாப்ரில், நீரைப் பிடித்து வைக்கும் ஹார்மோன் சங்கிலியைத் தடுக்கிறது" என்று படிக்க முடிந்தால் அந்த மருந்து எங்கே வேலை செய்கிறது என்பது தாளில் அதன் இடத்திலேயே தெரிந்துவிடும்.

மருந்துகளுக்கு மாணவர்கள் பெரும்பாலும் ஒரு கோடுதான் போடுகிறார்கள்: நோயை நோக்கிப் போகும் கோடு. ஒவ்வொரு மருந்துக்கும் குறைந்தது இரண்டு கோடு வேண்டும். ஒன்று, எதற்காகக் கொடுக்கிறோம் என்பது. மற்றொன்று, அது வேறு எதைத் தொடுகிறது என்பது. ஃப்யூரோசிமைடு மிகுந்த நீரை வெளியேற்றுகிறது; அதே நேரத்தில் சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றுகிறது. எனலாப்ரில் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது. பொட்டாசியத்தை உடலில் தங்க வைக்கிறது. சிலருக்கு வறட்டு இருமலையும் தருகிறது. டிகாக்ஸின் இதயத்தை வலுவாக அழுத்த வைக்கிறது. துடிப்பின் வேகத்தைக் குறைக்கிறது. இதுவரை நடக்காத, ஆனால் நடக்கக்கூடிய விளைவுகளைப் புள்ளிக்கோட்டால் வரைவது நல்ல வழக்கம். நடந்ததும் நடக்கலாம் என்பதும் தாளில் கலந்துவிடக் கூடாது.

இப்போது தாளைப் பார்த்தால், நோட்டில் தென்படாத ஒன்று தெரியும். "பொட்டாசியம்" என்ற பெட்டியை நோக்கி இரண்டு மருந்துகளிலிருந்து எதிரெதிரான அம்புகள் வருகின்றன. அந்தப் பெட்டியிலிருந்து மூன்றாவது மருந்தான டிகாக்ஸினுக்கு ஒரு கோடு போகிறது. இதய செல்லின் சுவரில் டிகாக்ஸின் போய் ஒட்டும் இடத்துக்குப் பொட்டாசியமும் போட்டியிடுகிறது. பொட்டாசியம் குறைந்தால் போட்டி குறைகிறது; அதே அளவு மாத்திரை அதிக வேகத்துடன் வேலை செய்கிறது. எனவே அந்தக் கோட்டின் மேல் எழுத வேண்டிய சொற்கள் இவை: "குறைந்தால், நச்சுத்தன்மையைக் கூட்டும்". கோட்டின் முனையில் புள்ளிக்கோட்டுப் பெட்டி ஒன்று: பசியின்மை, குமட்டல், மெதுவான அல்லது தாறுமாறான நாடி, பொருள்கள் மஞ்சளாகத் தெரிதல்.

தாளின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குக் குறுக்கே ஓடும் இத்தகைய இணைப்பைக் குறுக்கு இணைப்பு என்கிறார்கள். படத்தின் மதிப்பு முழுவதும் இவற்றில்தான் இருக்கிறது. மற்றவை எல்லாம் பாடநூலில் கிடைக்கும். குறுக்கு இணைப்பு இந்த நோயாளியின் மருந்துச் சீட்டையும் ரத்த முடிவையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் மட்டுமே கிடைக்கும்.

நர்சிங் செயல்கள் எங்கே போக வேண்டும்? பல படங்களில் அவை தாளின் ஓரத்தில் ஒரு பட்டியலாக ஒதுங்கிக் கிடக்கும். செயலைக் கோட்டின் மேல் வைப்பதே சரியான முறை. எந்தக் கோட்டை அந்தச் செயல் அறுக்கிறது, அல்லது எந்தக் கோட்டைக் காவல் காக்கிறது என்று கேட்டால் இடம் தெரிந்துவிடும். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி உட்கார வைப்பது "நுரையீரலில் நீர்" என்பதற்கும் "மூச்சுத்திணறல்" என்பதற்கும் நடுவே போகும். உப்பைக் குறைப்பதும் நாளுக்கு இவ்வளவு நீர் என்று மருத்துவர் சொன்ன அளவைக் காப்பதும் "நீர் தேக்கம்" பெட்டிக்கு வரும் கோட்டின் மேல் நிற்கும். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, உணவுக்கு முன், அதே எடைக்கருவியில், அதே அளவு உடையோடு எடை பார்ப்பது ஃப்யூரோசிமைடிலிருந்து நீர் தேக்கத்துக்குப் போகும் கோட்டின் காவல். ஒரு கிலோ எடை குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் வெளியேறியிருக்கிறது என்று கணக்கு. டிகாக்ஸின் கொடுக்கும் முன் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்து முழு ஒரு நிமிடம் இதயத்துடிப்பை எண்ணுவதும், 60க்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்திவைத்து மருத்துவரிடம் சொல்வதும், பொட்டாசியம் முடிவைப் பார்ப்பதும் அந்தக் குறுக்கு இணைப்பின் மேல் இருக்க வேண்டியவை. இடம் கிடைக்காத செயல் ஏதாவது மிஞ்சினால், அதை ஏன் செய்கிறோம் என்று மாணவி யோசித்தாக வேண்டும்.

கடைசியாக முன்னுரிமை எண்கள். முதல் நாளில் மூச்சுத்திணறலுக்கு 1, உடலில் நீர் மிகுதிக்கு 2, களைப்புக்கு 3. இவைதான் நர்சிங் டயக்னோசிஸாக மாறுபவை. "இதயச் செயலிழப்பு" என்பதையே நர்சிங் டயக்னோசிஸ் என்று எழுதிவிடுவது எல்லா வகுப்பிலும் நடக்கும் பிழை. அது மருத்துவர் வைத்த பெயர். அந்த நோய்க்கு இந்த அம்மாவின் உடலும் மனமும் எப்படி எதிர்வினை காட்டுகின்றன, அதில் நர்ஸின் கை எதைச் செய்ய முடியும் என்பதே நர்சிங் டயக்னோசிஸ்.

நான்காம் நாள் காலை. எடை 55 கிலோ. நான்கு கிலோ குறைந்துவிட்டது. ஒரு தலையணையில் தூங்கியிருக்கிறார். கால் வீக்கம் வடிந்திருக்கிறது. ஆனால் தட்டில் வைத்த இட்லி அப்படியே இருக்கிறது.

"வேணாம் பாப்பா, ரெண்டு நாளா சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுது" என்கிறார்.

கட்டம் போட்ட கேர் பிளானில் இந்த வரி ஊட்டச்சத்துக் குறைவு என்ற தலைப்பில் போய் உட்காரும். அதற்குரிய செயலும் தயாராக இருக்கும்: சிறிது சிறிதாக, பிடித்த உணவைக் கொடு. தவறான செயல் அல்ல. ஆனால் படத்தில் "குமட்டல்" என்று எழுதப் போனால், அது ஏற்கெனவே புள்ளிக்கோட்டுப் பெட்டியாக அங்கே இருக்கிறது. டிகாக்ஸினை நோக்கிப் போகிறது. குமட்டலுக்கு இன்னொரு வழியும் உண்டு. இதயச் செயலிழப்பில் கல்லீரலிலும் குடலிலும் ரத்தம் தேங்கிப் பசி போகலாம். இரண்டில் எது? படத்தைப் பார்த்தே யோசிக்கலாம். தேக்கம்தான் காரணம் என்றால் நீர் வடிய வடியக் குமட்டலும் குறைந்திருக்க வேண்டும். இங்கே வீக்கம் வடிந்த பிறகுதான் குமட்டல் தொடங்கியிருக்கிறது. அப்படியானால் அடுத்த கோட்டைப் பார்க்க வேண்டும். இதயத்துடிப்பை முழு நிமிடம் எண்ணினால் 56. அன்று காலை வந்த ரத்த முடிவில் பொட்டாசியம் 3.1, இருக்க வேண்டியது 3.5 முதல் 5 வரை.

மாணவி டிகாக்ஸின் மாத்திரையைக் கொடுக்காமல் நிறுத்தி, ஸ்டாஃப் நர்ஸிடம் மூன்று விவரங்களையும் சேர்த்துச் சொல்கிறார்: குமட்டல், நாடி, பொட்டாசியம். தனித்தனியாகச் சொன்னால் மூன்று சின்னச் செய்திகள். சேர்த்துச் சொன்னால் மருத்துவர் உடனே வந்து பார்க்க வேண்டிய செய்தி. இ.சி.ஜி. எடுக்கச் சொல்வார், ரத்தத்தில் டிகாக்ஸின் அளவைப் பார்க்கச் சொல்வார். கடைசி மாத்திரைக்குப் பிறகு குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில்தான் அந்த அளவு நம்பத்தக்கதாக இருக்கும். ஆகவே மாத்திரை எப்போது கொடுக்கப்பட்டது என்று நர்ஸ் குறித்து வைத்திருக்கும் நேரமும் சிகிச்சையின் ஒரு பகுதியாகிவிடுகிறது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதையும் பார்ப்பார்கள், ஏனென்றால் டிகாக்ஸின் வெளியேறுவது பெரும்பாலும் அதன் வழியாகத்தான். அதுவும் ஒரு குறுக்கு இணைப்பு.

அன்று முன்னுரிமை எண்கள் மாற வேண்டும். மூச்சுத்திணறல் 1 என்பது இனி பொருந்தாது. நாடித்துடிப்பு மாற்றத்தின் ஆபத்து அந்த இடத்துக்கு வருகிறது. புள்ளிக்கோடு முழுக்கோடாக மாறுகிறது. படத்தின் மூலையில் தேதி எழுத வேண்டும் என்று ஆசிரியர்கள் வலியுறுத்துவது இதனால்தான். முதல் நாள் படத்தை நான்காம் நாள் அப்படியே சமர்ப்பித்தால் அது வேறொரு நோயாளியின் படம்.

கதை இன்னும் முடியவில்லை. பொட்டாசியம் சரிசெய்யப்பட்டு, டிகாக்ஸின் நிறுத்தப்பட்டு, வீட்டுக்குப் போகும் நாளில் மருந்துச் சீட்டில் ஸ்பைரனோலாக்டோன் சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதுவும் சிறுநீர் பிரிக்கும் மருந்துதான், ஆனால் பொட்டாசியத்தை வெளியே விடாது. ஏற்கெனவே எனலாப்ரிலும் பொட்டாசியத்தைத் தங்க வைக்கிறது. பொட்டாசியம் பெட்டிக்கு வரும் அம்புகளில் இப்போது இரண்டு மேல்நோக்கி, ஒன்று கீழ்நோக்கி. ஆபத்தின் திசை திரும்பிவிட்டது. நேற்றுவரை குறைந்துவிடுமோ என்று பார்த்தது, இனி கூடிவிடுமோ என்று பார்க்க வேண்டும். அளவு மீறினால் அதுவும் இதயத்துடிப்பைக் குலைக்கும். நோயாளியைப் பார்க்க வரும் உறவினர் கையில் நம் ஊரில் இளநீர் இருக்கும். உடம்புக்குக் குளிர்ச்சி, நல்லது என்று அன்போடு வாங்கி வருவது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி. வீட்டுக்குப் போன பிறகு தினம் இரண்டு இளநீர் என்று வழக்கமாக்கிக்கொண்டால் இந்த மருந்துகளோடு அது ஒத்துப்போகாது. உப்பைக் குறைக்கச் சொன்னோம் என்று கடையில் விற்கும் மாற்று உப்பை வாங்கினால் அங்கேயும் பெரும்பாலும் இருப்பது பொட்டாசியம்தான். ஊறுகாய், அப்பளம், கருவாடு என்பவை வேறொரு கோட்டில், நீர் தேக்கத்தின் மேல் வந்து நிற்கும். படத்தில் "உறவினர் கொண்டு வருபவை" என்று ஒரு பெட்டி போட்டு இரண்டு கோடு இழுத்த மாணவிக்கு டிஸ்சார்ஜ் அன்று என்ன சொல்லி அனுப்ப வேண்டும் என்பது தானாக வந்துவிடும்.

படத்துக்கு எல்லைகளும் உண்டு. அது நேரத்தைக் காட்டாது. எத்தனை மணிக்கு எவ்வளவு சிறுநீர், எந்த நாளில் எவ்வளவு எடை என்ற ஓட்டத்துக்கு இன்டேக்-அவுட்புட் சார்ட்டும் எடைப் பதிவும்தான் கதி. மருந்தின் அளவையும் வேளையையும் படத்தைப் பார்த்துக் கொடுக்கக் கூடாது. அதற்கு மருந்துச் சார்ட் இருக்கிறது. சர்க்கரை நோய், சிறுநீரக நோய், ஆறாத புண் என்று ஒருவருக்கே பல நோய்கள் இருந்தால் ஒரே தாளில் கோடுகள் பின்னிக்கொண்டு கண்ணைக் கட்டும். அப்போது எல்லாவற்றையும் வரைய முயலாமல், இன்று கவனிக்க வேண்டிய இரண்டு மூன்று பிரச்சினைகளைச் சுற்றி மட்டும் வரைவது நல்லது. பெட்டிகளின் எண்ணிக்கையைப் பார்த்து மதிப்பெண் போடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது மாணவர்களை அலங்காரத்துக்குத் தள்ளும். வண்ணப் பேனாக்கள் கூடும், வினைச்சொற்கள் குறையும்.

வரைந்தவருக்கு உண்மையில் புரிந்திருக்கிறதா என்று பார்க்க ஆசிரியர் ஒரே கேள்வி கேட்டால் போதும். ஏதேனும் ஒரு மருந்தின் பெட்டியைக் கையால் மறைத்து, "இந்த மருந்தை இன்று நிறுத்திவிட்டார்கள், படத்தில் என்னென்ன மாறும்?" என்று கேட்கலாம். இந்த அம்மாவின் படத்தில் ஃப்யூரோசிமைடை மறைத்தால் நீர் தேக்கம், எடை, மூச்சு, பொட்டாசியம், அதன் வழியாக டிகாக்ஸின், இரவில் சிறுநீருக்காக எழுந்து தடுமாறி விழும் ஆபத்து என்று பல பெட்டிகள் அசைய வேண்டும். "அந்தப் பெட்டியை மட்டும் அழித்துவிடுவேன்" என்று பதில் வந்தால், வரைந்தது பட்டியல்தான். வட்டமாக எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

அடுத்த கேர் ஸ்டடிக்கு நோயாளியைத் தேர்ந்தெடுத்திருக்கும் மாணவர்கள், நோட்டைத் திறக்கும் முன் முதல் நாளே ஒரு ஏ3 தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நோயின் பெயரில் தொடங்கினாலும் மருந்துச் சார்ட்டில் அதிக நேரம் செலவிடுங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டாவது கோட்டைத் தேடுங்கள். அது இன்னொரு மருந்தையோ நோயாளி சொன்ன ஒரு சின்ன வார்த்தையையோ தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால், அன்றைய டியூட்டி முடியும் முன்பே அதை ஸ்டாஃப் நர்ஸிடம் காட்டிவிடுங்கள்.